ஆபீஸ் கல்யாண வசூல்: காசில்லாத மாதத்தில் சத்தமில்லாமல் ஒதுங்குவது எப்படி?

ஆவணி பிறந்தால் எங்கள் ஆபீஸில் வசூலும் பிறந்துவிடும். ஆடியில் யாரும் கல்யாணம் வைப்பதில்லை, புரட்டாசியிலும் பெரும்பாலும் வைப்பதில்லை. நடுவில் மாட்டிக்கொண்டது ஆவணி ஒன்றுதான் என்பதால் கல்யாணம், நிச்சயம், கிரகப்பிரவேசம் எல்லாம் அந்த முப்பது நாளுக்குள் வந்து விழும். மார்கழி முடிந்து தை வரும்போதும் இதே கதைதான். ஒரே மாதத்தில் மூன்று வசூல், தலைக்கு ஐந்நூறு என்றால் ஆயிரத்து ஐந்நூறு ரூபாய். சம்பளம் இருபத்தைந்தாயிரத்துக்குள் இருப்பவருக்கு அது பால் காசும் பெட்ரோல் காசும் சேர்ந்த தொகை.

நான் கோவையில் ஒரு பம்பு உதிரிபாகக் கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். இரண்டு வருடம் இந்த வசூல் வேலையை என் தலையில் கட்டியிருந்தார்கள், அதற்கு முன்னால் காசில்லாமல் வசூலுக்கு ஒளிந்து திரிந்த காலமும் உண்டு. அதனால் இரண்டு பக்கமும் தெரியும். போன வாரம் டெஸ்பாட்ச் பிரிவுத் தம்பி ஒருவன் மெதுவாக வந்து, "அக்கா, இந்த வாட்டி என்னால முடியாதுங்க, ஆனா யாருக்கும் தெரியாம எப்படிங்க்கா சொல்றது?" என்று கேட்டான். இரண்டு நாள் கழித்து ஸ்டோர்ஸில் இருக்கும் இன்னொரு பெண்ணும் இதையே கேட்டாள். இரண்டு பேருக்கும் நின்றபடி சொன்னதை உட்கார்ந்து ஒழுங்காக எழுதலாம் என்று தோன்றியது.

தம்பியின் கணக்கை அவன் சம்மதத்தோடு சொல்கிறேன், ஏனென்றால் கணக்கு இல்லாமல் பேசினால் எல்லா வழியும் நல்ல வழியாகத்தான் தெரியும். தேதி ஆகஸ்ட் 24. அவன் கணக்கில் இருந்தது 2,900 ரூபாய். வண்டிக் கடன் தவணை 2,150, அது 5ஆம் தேதி தானாகப் பிடிக்கும். சம்பளம் வருவது 7ஆம் தேதி. தவணையை ஒதுக்கி வைத்தால் மிச்சம் 750, அதை வைத்து 13 நாளை ஓட்ட வேண்டும், அதாவது நாளுக்கு 57 ரூபாய் சொச்சம். இதில் ஐந்நூறை எடுத்துக் கொடுத்தால் மிஞ்சுவது 250, நாளுக்கு 19 ரூபாய். அவன் பிரிவில் 15 பேர், மாப்பிள்ளையைக் கழித்தால் 14. தலைக்கு ஐந்நூறு வீதம் ஏழாயிரத்துக்கு ஒரு டேபிள் டாப் கிரைண்டர் வாங்குவதாகப் பேச்சு.

முதலில், எதை வைத்து எடை போடுவது?

பணம் எவ்வளவு மிச்சமாகும் என்பது ஒன்று. அதை எல்லோரும் பார்ப்பார்கள். நான் அதைவிடப் பெரிதாகப் பார்ப்பது, எத்தனை பேருக்குத் தெரியவரும் என்பதை. கொடுக்கவில்லை என்று ஒருவருக்குத் தெரிவதும் பதினான்கு பேருக்குத் தெரிவதும் ஒன்றாகாது. மூன்றாவது, இது ஒரே தடவையில் முடிகிறதா அல்லது இழுத்துக்கொண்டே போகிறதா. நான்காவது, உங்கள் பங்கு யார் தலையில் விழுகிறது. இந்த நான்காவதைத்தான் யாரும் யோசிப்பதில்லை, வம்பு கிளம்புவது பெரும்பாலும் இங்கேதான்.

வசூல் எப்படி நடக்கிறது என்று உள்ளேயிருந்து சொல்கிறேன். முதல் நாள் இரண்டு மூன்று பேர் டீ குடிக்கும்போது "என்ன வாங்கலாம்" என்று பேசுவார்கள். அடுத்த நாள் ஒருவர் தலைகளை எண்ணித் தொகையை முடிவு செய்வார். அன்றைக்கோ மறுநாளோ வாட்ஸ்அப்பில் பெயர்ப்பட்டியல் வரும், பணம் போட்டவர் பெயருக்குப் பக்கத்தில் பச்சை டிக். பாதிப் பணம் வருவதற்குள்ளேயே வசூல் செய்பவர் தன் கைக்காசைப் போட்டுப் பொருளை வாங்கிவிடுவார், கல்யாணத் தேதி நெருங்கிவிடுமே. அதற்குப் பிறகு டிக் இல்லாத பெயர் ஒவ்வொன்றும் அவருடைய ஐந்நூறு ரூபாய். நான் வசூல் செய்தபோது யார் ஏழை, யார் கஞ்சன் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. யார் பெயருக்குப் பக்கத்தில் காலியாக இருக்கிறது என்று மட்டும்தான் பார்த்தேன், ஏனென்றால் அது என் பணம்.

ஆகவே ஒருவரைக் கண்ணில் படவைப்பது அந்தப் பட்டியலில் காலியாக நிற்கும் இடம். பட்டியலிலேயே இல்லாத பெயரை யாரும் தேடுவதில்லை. இதைப் பிடித்துக்கொண்டால் கீழே உள்ள ஆறு வழிகளில் எது தேறும், எது தேறாது என்று பாதி புரிந்துவிடும்.

வழி 1: எப்பாடுபட்டாவது கொடுத்துவிடுவது

இதையும் ஒரு வழியாகச் சேர்க்கிறேன், ஏனென்றால் பத்தில் எட்டுப் பேர் கடைசியில் செய்வது இதைத்தான். ஒருவர் கண்ணிலும் படாது, மறுபடி கேட்க மாட்டார்கள், யார் தலையிலும் விழாது. அந்த மூன்றிலும் முழு மதிப்பெண்.

ஆனால் செலவு ஐந்நூறோடு நிற்காது. தம்பி ஐந்நூறைக் கொடுத்துவிட்டு, நடுவில் வீட்டில் யாருக்காவது காய்ச்சல் என்று முந்நூறு எடுத்துவிட்டால் 5ஆம் தேதி தவணை திரும்பிவிடும். திரும்பினால் வங்கி ஒரு பக்கம் கட்டணம் பிடிக்கும், கடன் கொடுத்தவர் இன்னொரு பக்கம் அபராதம் போடுவார், இரண்டும் சேர்ந்தால் பரிசுக்குக் கொடுத்ததைவிடக் கூடுதலாகக்கூடப் போய்விடும், கடன் வரலாற்றிலும் ஒரு கரும்புள்ளி விழும். இன்னொரு மறைமுகச் செலவு, பரிசுக்குப் பணம் போட்டவர் கல்யாணத்துக்கும் போக வேண்டும் என்பது. மாப்பிள்ளை ஊர் உடுமலைப் பக்கம் என்றால் வேன் ஏற்பாடு செய்வார்கள், அதற்கு ஒரு பங்கு. வேன் வசூல் ஆரம்பித்த பிறகு "நான் வரல" என்றால் ஏன், எதற்கு என்று அதற்கும் ஒரு விசாரணை நடக்கும்.

சரி, எப்போது இது நல்ல வழி? அந்த மனிதர் உங்கள் வீட்டு விசேஷத்துக்குச் செய்திருந்தால். உங்கள் தங்கை கல்யாணத்துக்கு அவர் வந்து மொய் எழுதியிருந்தால், வீட்டு மொய் நோட்டைப் புரட்டி அவர் எவ்வளவு எழுதினார் என்று பார்த்துவிட்டு எப்படியாவது புரட்டிக் கொடுத்துவிடுங்கள். நம் ஊரில் அது பரிசில்லை, திரும்பிப் போக வேண்டிய பணம். கூடப் பிறந்தவரிடம் ஐந்நூறு கைமாற்று வாங்கினாலும் தப்பில்லை. ஆனால் அதற்காகக் கிரெடிட் கார்டில் ரொக்கம் எடுக்காதீர்கள். பல வங்கிகளில் ரொக்கம் எடுத்தால் இத்தனை சதவீதம் அல்லது குறைந்தபட்சம் இவ்வளவு என்று கட்டணம் வைத்திருக்கிறார்கள், சின்னத் தொகைக்கு அந்தக் குறைந்தபட்சக் கட்டணமே எடுத்த பணத்துக்குப் பக்கத்தில் வந்து நிற்கும், வட்டியும் எடுத்த நாளிலிருந்தே ஓடும்.

வழி 2: கம்மென்று இருந்துவிடுவது

வாட்ஸ்அப் செய்தியைப் பார்த்தும் பார்க்காதது போல இருப்பது. எனக்கு நன்றாகப் பழக்கமான வழி, ஆறு மாதம் இப்படித்தான் ஓட்டினேன், அதனால்தான் சொல்கிறேன், வேண்டாம்.

பணம் மிச்சம், உண்மைதான். ஆனால் பட்டியலில் உங்கள் பெயர் காலியாக நிற்கும், ஒவ்வொருவர் பணம் போடும்போதும் அந்தப் பட்டியலை யாராவது திரும்பவும் குழுவில் போடுவார்கள், பத்துப் பச்சை டிக்குக்கு நடுவில் உங்கள் பெயர் தனியாகத் தெரியும். நீல டிக்கை அணைத்து வைத்திருக்கிறேன் என்று நினைத்தால், அந்த அமைப்பு தனிப்பட்ட செய்திகளுக்கு மட்டும்தான். குழுவில் அனுப்பியவர் தன் செய்தியை அழுத்திப் பிடித்துத் தகவலைத் திறந்தால் யார் யார் படித்தார்கள் என்று பெயரோடு காட்டும். நான் வசூல் செய்தபோது அதைப் பார்ப்பேன், எல்லோரும் பார்ப்பார்கள்.

அப்புறம் வசூல் செய்பவர் நேரில் வருவார். அவர் வரும் நேரம் பெரும்பாலும் மதியச் சாப்பாட்டு நேரமாகத்தான் இருக்கும், எல்லோரும் ஒரே மேசையில் இருப்பார்களே. "ஏனுங், உங்களுது இன்னும் வரலைங்களே" என்று அவர் சாதாரணமாகத்தான் கேட்பார். ஆனால் டிபன் பாக்ஸோடு ஏழு பேர் நிமிர்ந்து பார்ப்பார்கள். அந்த இடத்தில் முடியாது என்று சொல்ல யாருக்கும் வாய் வராது, ஜிபே திறந்து அனுப்பிவிடுவோம். ஆக, பணமும் போய் மானமும் போய்விடும்.

இது செல்லுபடியாகும் ஒரே இடம், பட்டியலே இல்லாத வசூல். நூறு பேர் இருக்கும் தளத்தில் ஒரு கவரையோ உண்டியலையோ சுற்றுக்கு விடுகிறார்கள், போடுபவர் போடலாம் என்றால், கவரை வாங்கி அடுத்தவரிடம் நீட்டிவிடலாம். யாரும் எண்ண மாட்டார்கள்.

வழி 3: "சம்பளம் வந்ததும் தர்றேன்"

வாயில் தானாக வந்துவிடும் பதில். அடுத்த மாதம் நிஜமாகவே பணம் இருக்கும் என்றால் இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, தேதியோடு சொல்லிவிட்டால் போதும்: "எட்டாம் தேதி காலையில அனுப்பிடறேன்." வசூல் செய்பவருக்குத் தேதி ஒன்று கிடைத்தால் விரட்ட மாட்டார்.

பணம் வராது என்று தெரிந்தே இப்படிச் சொல்வதுதான் ஆபத்து. ஆகஸ்டில் சொன்ன வார்த்தை செப்டம்பர் 8ஆம் தேதி திரும்பி வரும், அதற்குள் அடுத்த கல்யாண வசூல் ஆரம்பித்திருக்கும், இப்போது ஐந்நூறு போய் ஆயிரம் ஆகிவிட்டது. தமிழ்நாட்டில் தொழில்வரியை அரையாண்டுக்கு ஒருமுறைதான் பிடிக்கிறார்கள், பல கம்பெனிகளில் அது ஆகஸ்ட் சம்பளத்திலோ செப்டம்பர் சம்பளத்திலோ போகும், எனவே "அடுத்த மாசம் சரியாகிடும்" என்று நினைத்த மாதமே சம்பளம் குறைந்து வரும். கொடுக்க மறுத்தவரை ஆபீஸ் ஒரு வாரத்தில் மறந்துவிடும். கொடுப்பதாகச் சொல்லிக் கொடுக்காதவரைப் பற்றி இரண்டு வருடம் கழித்தும் பேசுவார்கள், எங்கள் ஆபீஸிலேயே அப்படி ஒருவர் இருக்கிறார், நல்ல மனிதர், பாவம், அந்த இரண்டு வசூல்தான் அவருக்கு அடைமொழி.

வழி 4: குறைத்துக் கொடுப்பது

ஐந்நூறுக்குப் பதில் நூறு. கேட்க நியாயமாக இருக்கிறது, ஆனால் இது தேறுமா தேறாதா என்பது முழுக்க வசூல் எந்த விதத்தில் நடக்கிறது என்பதைப் பொறுத்தது.

"அவங்கவங்க விருப்பப்பட்டதைப் போடுங்க" என்று ஆரம்பித்த வசூல் என்றால் இதைவிட நல்ல வழி கிடையாது. நூறோ நூற்றொன்றோ ரொக்கமாக வசூல் செய்பவர் கையில் கொடுங்கள். யாருக்கும் தெரியாது, உங்கள் பெயரும் சேர்ந்துவிடும், அடுத்த நாள் அவர் முகத்தைப் பார்த்துச் சிரிக்கலாம்.

தலைக்கு இவ்வளவு என்று தொகை கட்டிவிட்ட வசூலில் இது கொஞ்சம் ஏடாகூடம். பட்டியலில் சிலர் டிக்குக்குப் பதில் தொகையையே எழுதுவார்கள்: 500, 500, 500, 100, 500. அந்த நூறு, கொடுக்காமல் இருந்ததைவிடப் பெரிதாகத் தெரியும். ஜிபேயில் குழு அமைத்துப் பங்கு பிரித்தால் இன்னும் மோசம், யார் கொடுத்தார்கள், யார் பாக்கி என்று குழுவில் உள்ள எல்லோருக்கும் காட்டும், நூறு அனுப்பினாலும் அங்கே உங்கள் பங்கு முடிந்ததாக வராது. மீதி நானூறு யார் தலையில் என்ற கேள்வியும் இருக்கிறது. நான் வசூல் செய்த நாளில் ஒருவர் இப்படி இருநூறு அனுப்பிவிட்டு ஒன்றும் சொல்லாமல் இருந்துவிட்டார். தவறி அனுப்பிவிட்டார் என்று நினைத்து, "மீதி முந்நூறு வரலைங்க சார்" என்று நானே போய்க் கேட்டேன், பக்கத்தில் ஆட்கள் இருக்கும்போது. இன்றைக்கு நினைத்தாலும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது. அவர் முன்பே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் அப்படிக் கேட்டிருக்க மாட்டேன். எனவே தொகை கட்டிய வசூலில் குறைத்துக் கொடுப்பதென்றால் ரொக்கமாக, தனியாக, "இவ்வளவுதான்" என்று வாயால் சொல்லிக் கொடுக்க வேண்டும். இவ்வளவு பேச வேண்டும் என்றால் அடுத்த வழிக்கே போய்விடலாமே.

வழி 5: பட்டியல் வருவதற்கு முன்பே, வசூல் செய்பவரிடம் மட்டும் சொல்லிவிடுவது

தம்பிக்கு நான் சொன்னது இதைத்தான். என் ஓட்டு இதற்குத்தான் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

முக்கியம் நேரம். டீக்கடைப் பேச்சுக்கும் பட்டியலுக்கும் நடுவில் ஒரு நாளோ ஒன்றரை நாளோ இடைவெளி இருக்கும். அதற்குள் சொல்லிவிட்டால் தலைக்கணக்கு 14 என்பதற்குப் பதில் 13 என்று ஆரம்பிக்கும். 13 ஐந்நூறு 6,500, கிரைண்டரில் ஒரு மாடல் கீழே வாங்கினால் முடிந்தது. ஒருவருக்கும் ஒரு ரூபாய் கூடவில்லை, ஒருவருக்கும் தெரியவும் தெரியாது. இதே வார்த்தையைக் கிரைண்டர் வாங்கிய மறுநாள் சொன்னால் அந்த ஐந்நூறு வசூல் செய்பவரின் பாக்கெட்டிலிருந்து போகும், அல்லது மற்ற 13 பேரிடமும் ஆளுக்கு நாற்பது ரூபாய் கூடுதலாகக் கேட்க வேண்டும். ஏன் கூடுதல் என்று கேட்டால் உங்கள் பெயரைச் சொல்லாமல் அவரால் பதில் சொல்ல முடியாது. சொன்ன வார்த்தை ஒன்றுதான், ஒரு நாள் பிந்தியதில் ஒருவருக்குத் தெரிந்திருக்க வேண்டியது பதினான்கு பேருக்குத் தெரிந்துவிடுகிறது.

எப்படிச் சொல்வது? நேரில் முடிந்தால் நேரில், வண்டி நிறுத்தும் இடத்திலோ போகும் வழியிலோ. இல்லையென்றால் அவருக்கு மட்டும் தனிச் செய்தி. குழுவில் ஒருபோதும் எழுதாதீர்கள், எவ்வளவு பணிவாக எழுதினாலும் அது அறிவிப்பாகிவிடும். தம்பி அவர்கள் பிரிவில் வசூல் செய்யும் அக்காவிடம் சொன்னது இவ்வளவுதான்:

"அக்கா, இந்தக் கல்யாணத்துக்கு என்னைய லிஸ்ட்ல சேர்க்காதீங்க. இந்த மாசம் முடியாதுங்க. கல்யாணத்துக்கு நான் தனியா வந்துக்கறேன்."

இதில் மூன்று விஷயம் இருக்கிறது பாருங்கள். பட்டியலில் சேர்க்காதீர்கள் என்று அவர் செய்ய வேண்டிய வேலை தெளிவாக இருக்கிறது. "இந்த மாசம்" என்பதால் ஆளே கஞ்சன் என்ற பேச்சுக்கு இடமில்லை. "அப்புறம் தர்றேன்" என்ற வார்த்தை எங்கேயும் இல்லை, எனவே பாக்கி என்று ஒன்று உருவாகவில்லை. வண்டித் தவணை, அம்மா மருந்து என்று காரணங்களை அவன் அடுக்கவில்லை. அடுக்கினால் கேட்பவர் அதற்கெல்லாம் தீர்வு சொல்ல ஆரம்பிப்பார், இல்லையென்றால் பரிதாபப்பட்டு நான்கு பேரிடம் சொல்லிவிடுவார், பரிதாபம் கோபத்தைவிட வேகமாகப் பரவும்.

அந்த அக்கா சொன்ன பதிலையும் சொல்ல வேண்டும்: "அட, நான் போட்டுக்கறேன் கண்ணு, நீ அப்புறமா குடு." நல்ல மனசுதான். ஆனால் இதற்குச் சரி என்றால் வழி 3க்குத் திரும்பிப் போய்விடுவோம், இப்போது கடன் ஒரு ஆளிடம். "வேண்டாங்க்கா, அப்புறம் அது எனக்கு மனசுல நின்னுக்கிட்டே இருக்கும், விட்ருங்க" என்று அவன் சொன்னான், அவரும் விட்டுவிட்டார்.

இந்த வழியில் இன்னும் ஒரு சின்ன இடம் இடறும்: வாழ்த்து அட்டை. பரிசின் மேல் பதின்மூன்று பெயரையும் வரிசையாக எழுதினால் பதினான்காவது பெயர் இல்லாதது மாப்பிள்ளைக்குத் தெரியும். பெயர்களுக்குப் பதில் "அன்புடன், டெஸ்பாட்ச் பிரிவு" என்று எழுதச் சொல்லி வசூல் செய்பவரிடமே கேட்டுக்கொள்ளலாம். நான் பொறுப்பில் இருந்தபோது யாரும் கேட்காமலேயே அப்படித்தான் எழுதினேன், ஏனென்றால் ஒவ்வொரு முறையும் யாராவது ஒருவருடைய பெயர் விடுபட்டுச் சண்டை வரும்.

இது தேறாத இடம் ஒன்று உண்டு. வசூல் செய்பவர் ஊர்வாயாக இருந்தால், அவரிடம் சொல்வது ஒலிபெருக்கியில் சொல்வது போலத்தான். அப்போது அவருக்கு நெருக்கமான, வாயடக்கமுள்ள இன்னொருவரிடம், பெரும்பாலும் அவரோடு கடைக்குப் போகும் இரண்டாவது ஆளிடம் சொல்லி, பெயரை எடுத்துவிடச் சொல்லலாம்.

வழி 6: "எதுலயும் சேர்றதில்லை" என்று பொதுவாக விலகிவிடுவது

மாதாமாதம் சொல்வதற்குப் பதில் ஒரே தடவை சொல்லிவிடுவது. "நான் ஆபீஸ் வசூல் எதுலயும் சேர்றதில்லைங்க, வேண்டியவங்களுக்குத் தனியா மொய் வெச்சுக்கறேன், எனக்கும் யாரும் செய்ய வேண்டாம்." முதல் இரண்டு மூன்று தடவை பேச்சு வரும், அப்புறம் பட்டியல் போடுபவரே பெயரை விட்டுவிடுவார்.

விலை என்னவென்றால், இதை யாருக்காகவும் உடைக்க முடியாது. நெருங்கிய தோழி கல்யாணத்துக்கு ஒருமுறை சேர்ந்துவிட்டால், அதற்கு முன் மறுத்த எல்லாமே ஆள் பார்த்து மறுத்ததாகிவிடும். உங்கள் வீட்டு விசேஷத்துக்கும் யாரும் வசூல் செய்ய மாட்டார்கள். இன்னும் கல்யாணமாகாதவர்கள் இதைக் கொஞ்சம் யோசித்துத்தான் சொல்ல வேண்டும். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவருக்கும், இந்த நெருக்கடி ஒரு மாதத்தோடு போகாது, ஒன்றிரண்டு வருடம் இருக்கும் என்று தெரிந்தவருக்கும் சரியான வழி. பணம் இல்லாத மாதத்தில், ஒரு குறிப்பிட்ட ஆளின் வசூல் நடக்கும்போது இதை முதல்முறை சொல்லாதீர்கள், அந்த ஆளுக்காகச் சொன்னதாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். வசூல் எதுவும் இல்லாத ஆடி மாதம் இதற்கு ரொம்ப நல்ல மாதம்.

தனியாக மொய் வைப்பதும் சும்மா இல்லை. நூற்றொரு ரூபாய்க் கவர் சிறிய தொகைதான், ஆனால் மண்டபத்துக்குப் போய்வரும் செலவு அதைவிடக் கூடலாம். வரவேற்பு கோவைக்குள்ளேயே என்றால் டவுன் பஸ்ஸில் போய்விடலாம். அதில் ஒரு லாபம் இருக்கிறது: பொதுப் பரிசில் பதினாலில் ஒருவராகக் கரைந்துபோன பெயர், அவர்கள் வீட்டு மொய் நோட்டில் தனியாக ஒரு வரியில் நிற்கும்.

ஒரு பார்வையில்

| வழி | போகும் பணம் | எத்தனை பேருக்குத் தெரியும் | மறுபடி கேட்பார்களா | யாருக்குச் சரி |
|---|---|---|---|---|
| முழுசாகக் கொடுப்பது | 500, சில நேரம் வேன் பங்கும் | யாருக்கும் இல்லை | இல்லை | மொய் திருப்ப வேண்டியவருக்கு |
| கம்மென்று இருப்பது | கடைசியில் 500 | எல்லோருக்கும் | விடாமல் | பட்டியல் இல்லாத கவர் வசூலுக்கு |
| "அப்புறம் தர்றேன்" | அடுத்த மாதம் 500 | முதலில் ஒருவருக்கு, பிறகு எல்லோருக்கும் | நிச்சயமாக | தேதி சொல்ல முடிந்தவருக்கு |
| குறைத்துக் கொடுப்பது | 100 | ரொக்கம் என்றால் ஒருவருக்கு | சொல்லாமல் கொடுத்தால் கேட்பார்கள் | விருப்பத் தொகை வசூலுக்கு |
| முன்பே தனியாகச் சொல்வது | 0 | ஒருவருக்கு | இல்லை | ஓரிரு மாத நெருக்கடிக்கு |
| எதிலும் சேராதது | 0, மொய் தனி | மெல்ல எல்லோருக்கும், பின் மறந்துவிடும் | சில தடவை | நீண்டகால நெருக்கடிக்கு |

மேலதிகாரிக்கு வசூல் என்றால்

மானேஜர் மாற்றலாகிப் போகிறார், தலைக்கு ஆயிரம் என்று கேட்கும்போது மட்டும் எல்லோர் கையும் தானாகப் பாக்கெட்டுக்குப் போகிறது. இங்கேயும் வழி 5தான், கூடுதலாக ஒன்று: பணத்துக்குப் பதில் வேலை கேட்டு வாங்கிக்கொள்ளலாம். பழைய புகைப்படங்களைத் திரட்டித் தொகுப்பது, கேக் வாங்கி வருவது, மீட்டிங் அறையை ஏற்பாடு செய்வது. அன்றைக்கு ஓடியாடி வேலை செய்தவரை யாரும் "நீ எவ்வளவு போட்டே" என்று கேட்பதில்லை. வாங்கி வரும் வேலை என்றால் காசை முன்பே கையில் வாங்கிக்கொண்டு போங்கள், "வாங்கிட்டு வா, அப்புறம் தர்றோம்" என்பதில் மாட்டினால் காசை மிச்சம் பிடிக்கப் போய்க் கைக்காசு எண்ணூறு முடங்கும்.

மத்திய அரசு ஊழியர்களுக்கு இதில் ஒரு பாதுகாப்பே எழுத்தில் இருக்கிறது. 1964ஆம் ஆண்டு நடத்தை விதிகளின் 14ஆவது விதியில், பிரிவு உபசார விழாவுக்குப் பணம் தரச் சொல்லி எந்த ஊழியரையும் வற்புறுத்தக் கூடாது என்றும், கீழ்ப்பிரிவு ஊழியர்களிடம் மேல்பிரிவு அதிகாரிக்கான விழாவுக்கு எந்தச் சூழ்நிலையிலும் வசூலிக்கக் கூடாது என்றும் தடை போட்டிருக்கிறார்கள். தனியார் கம்பெனியில் இருப்பவர்களுக்கு அந்த விதி பொருந்தாது, அரசு வேலையில் இருப்பவர்களும் அதைத் தூக்கிக் காட்டினால் அதுவே பெரிய பேச்சாகிவிடும். தெரிந்து வைத்திருந்தால் போதும்.

பட்டியல் ஏற்கெனவே வந்துவிட்டது, என் பெயரும் அதில் இருக்கிறது என்றால்

ஸ்டோர்ஸ் பெண்ணின் நிலைமை இதுதான். மூன்று நாள் பேசாமல் இருந்துவிட்டு என்னிடம் வந்தாள். முதல் கேள்வி, பொருளை வாங்கிவிட்டார்களா? வாங்கவில்லை என்றால் அதே நாளில் தனிச் செய்தி அனுப்ப வேண்டியதுதான், அதோடு "அடுத்த தடவை லிஸ்ட் போடறப்ப என் பேரை மெதுவா எடுத்துடுங்க, நானா குரூப்ல எதுவும் சொல்லல" என்று சேர்த்துக்கொண்டால், அடுத்த முறை பட்டியலைத் திருப்பிப் போடும்போது வரிசை எண் ஒன்று குறைந்திருக்கும், யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

வாங்கிவிட்டார்கள் என்றால் அந்த ஐந்நூறு இப்போது வசூல் செய்தவருடைய பணம், அவரிடம் அதை மனதில் வைத்துத்தான் பேச வேண்டும். அவளிடம் விசாரித்தபோது பொருள் வாங்கியாகிவிட்டது. அவளால் இருநூறு முடியும் என்றாள். அதை ரொக்கமாகக் கொண்டுபோய், "சார், முன்னாடியே சொல்லியிருக்கணும், சொல்லாம விட்டது என் தப்பு. என்னால இவ்வளவுதான் முடியும், மீதி உங்க மேல விழுந்துடுச்சுன்னு தெரியும்" என்று சொல்லச் சொன்னேன். சாயங்காலம் ஷிப்ட் முடியும் நேரத்தில் போய்ச் சொன்னாள். அவர் இருநூறை வாங்கிப் பட்டியலில் டிக் போட்டுவிட்டு, "இதுக்கா மூணு நாளா கேன்டீன் பக்கமே வரல நீ?" என்று கேட்டாராம்.